ஊர்வலக் காணொளியில் நான் பார்த்தது, நொடி வரிசைப்படி

நிர்வாகக் குழுவினருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வரும் எல்லாருக்கும் வணக்கம்.

2025 பிப்ரவரி 11, தைப்பூசத்தன்று நம் கோவில் பால்செம்பு வரிசையில் ஒரு அம்மா விழுந்ததைக் காட்டிய காணொளி இப்போது எங்கும் இல்லை. போட்ட பெண்ணே அதை எடுத்துவிட்டாள். அன்று தொண்டு செய்த தன் தெருப் பையனைத் திட்டி வந்த வார்த்தைகளைப் படிக்கப் பொறுக்காமல் வியாழக்கிழமை ராத்திரி அழித்தவள், கைப்பேசியில் இருந்த மூலத்தையும் சேர்த்து அழித்துவிட்டாள். நல்ல மனசோடுதான் செய்தாள். ஆனால் காணொளி போன பிறகு, அதிலிருந்து யாரோ பிடித்து வைத்த ஒரே ஒரு படம் மட்டும் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தில் அந்தத் தம்பியின் கை அம்மாவின் தோள்மேல் நீண்டிருக்கிறது. "தள்ளிவிட்டான்" என்று பேசுகிறார்கள்.

படம் பொய்யில்லை. அது காணொளியின் 33வது நொடி. அதற்கு முன்னால் 5 நொடி இருக்கிறது. அந்த 5 நொடிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை என் பேரன் கைப்பேசியில் அந்தக் காணொளியை 11 முறை பார்த்தேன். நான் சொன்ன இடத்தில் அவன் நிறுத்துவான். திரையில் தெரியும் நேரத்தை நான் கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொள்வேன். முப்பது வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு எதையும் எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும். திரை முழு நொடியைத்தான் காட்டும், அதனால் ஒவ்வொரு எண்ணும் ஒரு நொடி முன்பின் இருக்கலாம். எது முதலில், எது பிறகு என்பது மட்டும் மாறாது. அதை 11 முறையும் சரிபார்த்தேன்.

மொத்த நீளம் 1 நிமிடம் 52 நொடி. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, ரோட்டின் இடதுபக்கம் ஒரு கடைப்படியில் நின்று எடுத்தது. வெட்டியோ ஒட்டியோ சேர்த்த இடம் எதுவும் இல்லை. மேளச் சத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாமல் ஓடுகிறது.

0:00 முதல் 0:09 வரை காவடிகள். மயிலிறகும் பூவும் கட்டிய பெரிய காவடி ஒன்று போகிறது. முன்னால் ஒரு குழந்தையின் தலை பாதித் திரையை மறைக்கிறது. இதில் நமக்கு வேண்டியது எதுவும் இல்லை.

0:10ல் பால்செம்பு வரிசை வருகிறது. பெண்கள் இரண்டு இரண்டாக நடக்கிறார்கள். அந்த அம்மா இடது வரிசையில் மூன்றாவது. அன்று எல்லாரும் கட்டும் அதே அடர்ந்த ரோஜாநிறச் சேலை. செம்பு தலைமேல், இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். வாயில் வேல் குத்தி மௌன விரதம். இதை எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கோவிலில் அந்த வேல் எடுக்கப்படும்வரை அவர் வாய் திறக்க முடியாது. "ஏன் அவர் அப்போதே ஒன்றும் சொல்லவில்லை?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

0:23. வலதுபக்க வீட்டு வாசலில் ஒருவர் ரப்பர் குழாயால் ரோட்டில் தண்ணீர் அடிக்கிறார். ஆட்களின் நிழல் காலடியிலேயே கிடக்கிறது, உச்சிவெயில். வெறுங்காலோடு வருகிறவர்களுக்குத் தார் சுடக்கூடாதென்றுதான் தண்ணீர் அடிக்கிறார், அவரை யாரும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அவர் வாசலுக்கு நேரே ரோடு கண்ணாடிபோல் மின்னுகிறது. முன்னும் பின்னும் காய்ந்து கிடக்கிறது. வரிசை காய்ந்த இடத்திலிருந்து நேராக ஈரத்தில் கால் வைக்கிறது.

0:26ல் அந்தத் தம்பி முதல்முறையாகத் திரைக்குள் வருகிறான். தோளில் வெள்ளைத் துண்டு. கயிற்றுக்கு வெளியே, அம்மாவுக்கு ஓரடி பின்னால் நடக்கிறான். முகம் பின்பக்கம் திரும்பியிருக்கிறது, பின்னால் வரும் காவடிக்கு இடம் விடச் சொல்லிக் கையைக் காட்டுகிறான். இரண்டு கையும் அவனுக்குப் பின்னால், காவடிப் பக்கம். அம்மாவைப் பார்க்கவே இல்லை.

0:28. அம்மாவின் இடது குதிகால் முன்னால் வழுக்குகிறது. பேரனை இந்த இடத்தில் எத்தனை தரம் நிறுத்தச் சொன்னேனோ, கணக்கில்லை. கால் சறுக்கும்போது அவரைச் சுற்றி யார் கையும் இல்லை. வலதுபக்கத்துப் பெண்ணின் இரண்டு கையும் தன் செம்பில். பின்னால் வருகிறவர் ஒரு முழம் தள்ளி. தம்பியின் முகம் இன்னும் பின்னால்தான்.

0:29. செம்பு சாய்கிறது. பால் வழிந்து இடது தோளை நனைக்கிறது. வேறு யாராக இருந்தாலும் கையை ஊன்றியிருப்பார்கள். அவர் ஊன்றவில்லை. இரண்டு கையும் செம்பை விடவே இல்லை. அதனால்தான் உடம்பு மரம் சாய்வதுபோல் அப்படியே சாய்கிறது.

0:30. படமெடுத்தவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், கிரியோலில்: "கெத் லி! லி பெ தொம்பே!" பாருங்கள், விழுகிறார் என்று. இந்த நொடியிலும் தம்பி திரும்பவில்லை.

0:31. குரல் கேட்டுத் திரும்புகிறான். துண்டு தோளிலிருந்து கீழே விழுகிறது.

0:32. அதே குரல், இன்னும் பலமாக: "த்ராப் லி!" பிடியுங்கள் என்று அர்த்தம். இதைத்தான் சிலர் "பூஸ் லி", அதாவது தள்ளு, என்று கேட்டதாகச் சொல்கிறார்கள். மேளத்துக்கு நடுவில் கேட்ட சத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். காதொலிப்பான் மாட்டி நானும் பேரனும் தனித்தனியாகக் கேட்டோம். நான் எழுதியதை அவனுக்குக் காட்டவில்லை. அவன் எழுதியதும் "த்ராப்"தான். விழுகிறார் என்று இரண்டு நொடி முன்னால் கத்திய பெண் அடுத்த மூச்சில் தள்ளச் சொல்லுவாளா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

0:33. ஊர் சுற்றும் படம் இதுதான். தம்பியின் வலதுகை முழுசாக நீண்டு அம்மாவின் வலது தோளின் பின்பக்கம் படுகிறது. நிறுத்திப் பார்த்தால் தள்ளுகிற மாதிரிதான் இருக்கிறது. அதனால் படத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஓடவிட்டுப் பார்த்தால் விரல்கள் சேலைத் தோளை மடக்கிப் பிடிப்பது தெரியும். படத்தையே பெரிதாக்கிப் பாருங்கள்: அம்மாவின் தோளில் பால் ஏற்கெனவே வழிந்திருக்கிறது, கீழ் ஓரத்தில் துண்டு தரையில் கிடக்கிறது. கை படுவதற்கு முன்பே பால் கொட்டியாகிவிட்டது. காணொளி போனாலும் அந்தச் சாட்சி படத்துக்குள்ளேயே இருக்கிறது.

0:34, 0:35. இந்த இரண்டு நொடியில் நான் ஒன்றும் பார்க்கவில்லை. எடுத்தவர் கை இறங்கி, தார்ரோடும் கால்களும்தான் தெரிகின்றன. இந்த இடைவெளியில் நடந்ததாக யார் எது சொன்னாலும், அது காணொளியில் இருந்தது என்று சொல்லக்கூடாது.

0:36ல் படம் மேலே வருகிறது. அம்மா ஒரு முழங்காலில். தம்பி அவருக்குக் கீழே, இரண்டு முழங்காலும் தரையில்; இடதுகை அம்மாவின் முழங்கையைத் தாங்கியிருக்கிறது. செம்பு அவர் மடியில் நிமிர்ந்து இருக்கிறது. தலை தரையில் பட்டது என்று சொல்கிறார்கள். 0:33ல் பிடித்து 0:36ல் முழங்காலில் இருப்பவரின் நெற்றியில் திருநீறு கலையாமல் இருந்தது. அதைப் பார்த்தேன்.

0:41 முதல் பெண்கள் சூழ்ந்துவிடுகிறார்கள். ஒருவர் முந்தானையால் விசிறுகிறார்.

0:48ல் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வலதுபக்கமிருந்து வந்து தம்பியின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுக்கிறார். "கி தோ பெ ஃபேர்?" என்ன செய்கிறாய் என்ற அதட்டல். அவர் திரைக்குள் வருவதே இப்போதுதான். வழுக்கியதை அவர் பார்த்திருக்க முடியாது. பார்த்ததெல்லாம் ஒரு பையன் கையில் கீழே கிடக்கும் அம்மாவை. கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பேச்சு கிளம்பிய இடம் இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

0:55. இதை யாருமே பேசவில்லை, எனக்கு அதுதான் தாங்கவில்லை. அம்மா செம்பிலிருந்து ஒரு கையை எடுக்கிறார், விழும்போதுகூட எடுக்காத கை. உள்ளங்கையை வெள்ளைச் சட்டைக்காரரை நோக்கி உயர்த்தி இரண்டு தரம் அசைக்கிறார், வேண்டாம் என்று. பிறகு அதே கையைத் தம்பியின் தலைமேல் வைக்கிறார். 0:58 வரை எடுக்கவில்லை. வாயைக் கட்டியவர் வேறு எப்படிச் சொல்ல முடியும்?

1:04ல் அவரைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இடதுபக்கம் ஒரு பெண், வலதுபக்கம் அதே தம்பி. 1:10ல் செம்பு மறுபடி தலைக்கு ஏறுகிறது.

அப்புறம் ஊர்வலம் நகர்கிறது. 1:22ல் படம் உயர்ந்து கோர் தெ கார்ட் மலை முகடு தெரிகிறது. "வேல் வேல்", "அரோகரா" என்ற குரல்கள். 1:31ல் தம்பி திரும்பி வந்து துண்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். 1:52ல் முடிகிறது.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். முழங்காலில் வீக்கம், நடக்கிறார். "அக்கா, யாரோ பிடிச்சது தெரியும். வழுக்கினது முன்னாலயா, கை பட்டது முன்னாலயான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, எல்லாம் ஒண்ணா ஆயிடுச்சு" என்றார். அவ்வளவு நேர்மையாகச் சொல்கிறவர் சொல்லாமல் விட்ட வரிசையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். செம்பை விடாமல் பிடித்திருந்த இடம் வந்ததும் அழுதுவிட்டார்.

தம்பி அன்றிலிருந்து கோவில் பக்கம் வரவில்லை. அவன் அம்மாவிடம் கேட்டேன், வேலைக்குப் போய்வந்து கதவைச் சாத்திக்கொள்கிறானாம்.

நோட்டு என்னிடம் இருக்கிறது. கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்; பேரனும் வருவான், அவன் எழுதிய தாளும் இருக்கும். காணொளியை அழிப்பதற்கு முன் இறக்கி வைத்தவர்கள் யாராவது இருந்தால், நான் எழுதியதற்கு எதிராக இருந்தாலும் சரி, முழுசாகக் கொண்டுவாருங்கள். படத்தை அனுப்பியவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: யார் யாருக்கு அதை அனுப்பினீர்களோ, அவர்களுக்கெல்லாம் இந்தத் தாளையும் அனுப்புங்கள்.