அந்த டிராயரைத் திறந்து காட்டியது நான்தான்
(மருத்துவமனை நிர்வாகிகள், மருத்துவர்கள், நர்சிங் கண்காணிப்பாளர்கள் கூடிய நோயாளிப் பாதுகாப்பு மாநாட்டில் சிறப்புரையின் தொடக்கம்)

அதிகாலை மணி இரண்டே முக்கால். இருபத்தெட்டுப் படுக்கைகள் உள்ள வார்டில் அன்று இரண்டே நர்சுகள். அதில் ஒருத்தி நான். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். வருடம் 2010.

பதினான்காம் படுக்கைக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். மருந்து சிறிய பாட்டிலில் பொடியாக இருக்கும். பத்து மில்லி சுத்திகரித்த நீரை விட்டுக் கரைத்து, கையில் ஏற்கெனவே போட்டிருக்கும் ஊசிக்குழாய் வழியாக மெல்ல ஏற்ற வேண்டும். பயிற்சிக் காலத்தில் நூறு தடவை செய்த வேலை. மருந்து வண்டியின் மேல் டிராயரைத் திறந்தேன். இடதுபக்கத் தடுப்பில் நீர் ஆம்பியூல்கள் இருக்கும். பார்க்காமலே கைவிட்டு ஒன்றை எடுத்தேன்.

நோயாளி தூங்கிக்கொண்டிருந்ததால் படுக்கை விளக்கைப் போடவில்லை. வராந்தா வெளிச்சத்திலேயே ஆம்பியூலின் மூடியைத் திருகினேன். அது கழன்று வரவில்லை. கையுறை வழுக்கியது. நன்றாகப் பிடிக்கலாம் என்று ஆம்பியூலைத் திருப்பியபோது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கின் மேல் இருந்த எழுத்து ஒரு நொடி வெளிச்சத்தில் பட்டது. பொட்டாசியம் குளோரைடு.

இந்த அரங்கில் மருத்துவத் துறைக்கு வெளியே இருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பொட்டாசியம் நம் உடலுக்குத் தேவையான உப்பு. குறைந்துபோனால் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் பெரிய அளவு திரவத்தில் கலந்து, மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அந்த ஆம்பியூலில் இருந்தது பத்து மில்லி, அதில் ஒன்றரை கிராம். அதைக் கலக்காமல் ஒரேயடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்ப்பதற்கு நீர் மாதிரியே இருக்கும். நிறம் கிடையாது. எங்கள் வார்டில் இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே டிராயர். நடுவே ஒரு விரற்கடை அகலத் தடுப்பு.

எனக்கு முழங்காலில் பலம் போய்விட்டது. ஆம்பியூலை அதன் தடுப்பில் வைத்தேன். நீர் ஆம்பியூல்களுக்கு நடுவே இன்னும் இரண்டு பொட்டாசியம் கிடந்தன. அவற்றையும் எடுத்து அந்தப் பக்கம் போட்டேன். சரியான ஆம்பியூலை எடுத்து, பெயரை மூன்று தடவை வாசித்து, மருந்தைக் கரைத்து ஏற்றினேன். பதினான்காம் படுக்கைக்காரர் கண்கூடத் திறக்கவில்லை.

அப்புறம் குறிப்பேட்டில் எழுதினேன்: "மருந்து கொடுக்கப்பட்டது. நோயாளி நலம்." இரண்டும் உண்மைதான்.

நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். முந்தின வாரம் என்னைவிட ஆறு மாதம் மூத்த ஒருவர், ஒரு மாத்திரையை நாற்பது நிமிடம் தாமதமாகக் கொடுத்துவிட்டதாகத் தானே முன்வந்து சொன்னார். காலை ரவுண்டில், எல்லோர் முன்னாலும், நோயாளிகளின் காதுபடவே அவருக்குத் திட்டு விழுந்தது. அவர் தலையைக் குனிந்து நின்றதை வார்டே பார்த்தது. அந்தக் காலையில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதல்ல. தானாக வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான்.

ஒன்பது வாரம் கழித்து ஒரு புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்தாள். சுறுசுறுப்பானவள். எதையும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொள்வாள். முதல் நாள் அவளுக்கு வார்டைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு வந்தது. மருந்து வண்டிக்கு அழைத்துப் போய் அந்த டிராயரைத் திறந்து காட்டியது நான்தான். "இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் பொட்டாசியம்" என்றேன். "சரிக்கா" என்றாள். இரண்டும் கலந்து கிடக்கும், நானே ஒரு ராத்திரி மாற்றி எடுத்துவிட்டேன் என்ற இன்னொரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. புதிதாக வந்தவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று விழுங்கிவிட்டேன்.

பதினோரு நாள் கழித்து, அதே வண்டி, அதே டிராயர், அவளுடைய இரவு ஷிப்ட். அவளுக்கு மூடி உடனே கழன்றுவிட்டது.

அந்த நோயாளி பிழைத்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், உங்களைத் தவிக்க விட்டதற்கு மன்னியுங்கள். மருந்தில் கொஞ்சம் உள்ளே போனதுமே அவர் கை எரிகிறது என்று கத்தினார், அவள் நிறுத்திவிட்டாள். ஆனாலும் இதயம் நின்றது. அவசரக் குழு ஓடி வந்து மார்பை அழுத்தி அவரை மீட்டது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். பிறகு நடந்தே வீட்டுக்குப் போனார்.

அவள் மூன்றாம் நாள் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். விசாரணை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: கவனக்குறைவு. விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். "புதியவருக்கு டிராயரைக் காட்டினீர்களா?" என்று கேட்டார்கள். "காட்டினேன்" என்றேன். அவர்கள் வேறு எதையும் கேட்கவில்லை. நானும் வேறு எதையும் சொல்லவில்லை.

மறுநாள் இரவு எனக்கு ஷிப்ட். வண்டியின் மேல் டிராயரைத் திறந்தேன். இடதுபக்கம் தண்ணி. வலதுபக்கம் பொட்டாசியம். நடுவே அதே தடுப்பு. கவனக்குறைவானவள் என்று எழுதப்பட்டவள் போய்விட்டாள், டிராயர் அப்படியே இருந்தது.

இந்தக் கதையை நான் பல வருடம் மருந்தைப் பற்றிய கதை என்றுதான் நினைத்திருந்தேன். அடர் பொட்டாசியத்தை வார்டில் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் என்று. அது தவறான முடிவும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஒன்பது நோயாளிப் பாதுகாப்புத் தீர்வுகளில் ஒன்று இதைத்தான் பேசுகிறது. அடர் பொட்டாசியத்தை வார்டிலிருந்து எடுத்து மருந்தகத்திலோ பூட்டிய இடத்திலோ வையுங்கள், கலக்காமல் கொடுக்கக் கூடாது என்று கண்ணில் படும்படி எச்சரிக்கை ஒட்டுங்கள் என்கிறது. தேதியைக் கவனியுங்கள். எங்கள் டிராயரில் அது நடந்தபோது, அந்த அறிவுரை வெளிவந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

அறிவுரை உலகத்துக்கே தெரிந்திருந்தது. எங்கள் வார்டில், இந்தக் குறிப்பிட்ட டிராயரில், இடதுபக்கத் தடுப்புக்குள் பொட்டாசியம் வந்து விழுகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். அந்தச் செய்தி எழுபது நாளுக்கு மேல் என்னிடம் இருந்தது. தொடர்ந்து சொல்கிற பழக்கம் அங்கே இருந்திருந்தால், எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பார்களோ.

அதனால் இன்று நான் உங்களிடம் வாதாட வந்திருப்பது மருந்துக்காக அல்ல. நூலிழையில் தப்பிய ஒவ்வொரு தவறும் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கை. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது. அந்த எச்சரிக்கை நம் கைக்கு வருவதும் வராததும் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: அதைச் சொல்ல வந்தவருக்கு முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பது. படிவம், மென்பொருள், பயிற்சி வகுப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

விமானத் துறை இதை நமக்கு வெகு முன்னாலேயே புரிந்துகொண்டது. அமெரிக்காவில் 1976 முதல், விமானிகளும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு இயங்குகிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, கடிதங்களை வாங்குவது யார் என்பதுதான். தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்து ஆணையம் அல்ல, நாசா. சொல்கிறவரைத் தண்டிக்க முடியாத ஓர் அமைப்பு. வந்த அறிக்கையிலிருந்து பெயரை நீக்கிவிடுகிறார்கள். வேண்டுமென்றே செய்யாத மீறல் என்றால், பத்து நாளுக்குள் எழுதியவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. குற்றச் செயலுக்கும் விபத்துக்கும் அந்த விலக்கு இல்லை, அதனால் இதை "எல்லாவற்றுக்கும் மன்னிப்பு" என்று யாரும் தள்ளிவிட முடியாது. இதுவரை பத்து லட்சத்துக்கும் அதிகமான அறிக்கைகள் வந்திருக்கின்றன. பத்து லட்சம் தடவை ஒரு மனிதர் உட்கார்ந்து, "இன்று நான் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் வார்டில் அப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் நான் எழுதியிருப்பேனா? அந்தக் காலை ரவுண்டைப் பார்த்த பிறகு, பெட்டி மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அதனால்தான் இன்றைய உரையில் பெரும்பங்கு பெட்டியைப் பற்றி இருக்காது. சொல்ல வருபவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இன்சார்ஜைப் பற்றி, மருத்துவரைப் பற்றி, கண்காணிப்பாளரைப் பற்றி இருக்கும். அதாவது, உங்களைப் பற்றி. இன்று நானும் ஒரு கண்காணிப்பாளர் என்பதால், என்னைப் பற்றியும்தான்.

அடுத்த பகுதிக்குப் போகும் முன் ஒரு வேலை செய்வோம். உங்கள் நாற்காலியில் ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். பெயர் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம், தேதி வேண்டாம். நீங்கள் செய்யப் பார்த்து, தப்பித்து, யாரிடமும் சொல்லாமல் விட்ட ஒன்றை நாலு வரியில் எழுதுங்கள். நோயாளி யார் என்று தெரியும்படி எதையும் எழுதாதீர்கள். மூன்று நிமிடம் எடுத்துக்கொள்வோம். எழுத ஒன்றுமே இல்லை என்றால் வெற்றுத் தாளை மடித்துக் கொடுங்கள், யார் எழுதினார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. தாள்களைக் கலைத்துவிட்டு, சிலவற்றை இங்கே வாசிப்பேன். வாசித்த பின் எல்லாவற்றையும் உங்கள் முன்னாலேயே கிழித்துவிடுவோம்.

முதல் தாள் என்னுடையது. அதில் மட்டும் பெயர் இருக்கிறது.