இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்க: மெக்கானிக்கல் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, முன் அனுபவம் இல்லை

வணக்கம் மேடம்,

என் பெயர் கார்த்திகா. கோவையில் ஒரு அரசு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், ஐந்தாம் பருவத் தேர்வு போன வாரம்தான் முடிந்தது. உங்கள் கம்பெனிக்கு சிஎன்சி மெஷின் ஷாப்பிலும் குவாலிட்டியிலும் ஆள் எடுப்பதாக லிங்க்டுஇன்னில் நீங்கள் போட்டிருந்ததைப் பார்த்தேன். அதில் ஒரு வருட அனுபவம் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒரு நாள் அனுபவம்கூட இல்லை, அதனால் அந்த வேலைக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. அதே ஷாப்பில் ஜனவரியிலிருந்து ஆறு வாரமாவது இன்டர்ன்ஷிப்புக்கு இடம் இருக்குமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன், ஒரே பக்கம்தான். 'அனுபவம்' என்ற தலைப்பே அதில் கிடையாது. அந்த இடத்தை எதையாவது போட்டு நிரப்பச் சொல்லி நண்பர்கள் சொன்னார்கள். ஒரு பயிற்சி மையத்தில் ரூ. 3,000 கட்டினால் வராமலே இன்டர்ன்ஷிப் சான்றிதழ் தருகிறோம் என்றும் சொன்னார்கள், என் வகுப்பில் நாலைந்து பேர் வாங்கியும்விட்டார்கள். எனக்கு அது வேண்டாம் மேடம். நாளைக்கு இன்டர்வியூவில் ஒருவர் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளந்து காட்டு என்றால் அந்தக் காகிதம் எனக்காக அளந்து தராது.

அதனால் எனக்கு உண்மையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.

லேத்தில் ஃபேசிங், பிளெய்ன் டர்னிங், ஸ்டெப் டர்னிங், டேப்பர் எல்லாம் தனியாகச் செய்வேன். திரெட் கட்டிங் செய்திருக்கிறேன், ஆனால் பக்கத்தில் சார் நிற்க வேண்டும். வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் கையாளத் தெரியும். டிராயிங் படிக்கத் தெரியும், டாலரன்ஸும் புரியும். உதாரணமாக ஒரு ஓட்டைக்கு 25H7 என்று போட்டிருந்தால் மேலே 21 மைக்ரான் வரைதான் போகலாம், கீழே பூஜ்யம். எங்கள் லேபில் உள்ள வெர்னியரின் லீஸ்ட் கவுண்ட்டே 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான், அதை வைத்து அந்த ஓட்டையைப் பாஸ் பண்ண முடியாது, போர் கேஜோ பிளக் கேஜோ வேண்டும். இதை நான் புத்தகத்தில் படித்ததோடு சரி. எங்கள் லேபில் போர் கேஜ் ஒன்றுதான் இருக்கிறது, அறுபது பேருக்கு. நான் அதைத் தொட்டது மொத்தம் இரண்டு முறை. சிஎம்எம் மெஷினை படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்டெப் டர்னிங்கில் 31 மி.மீ. இருந்த விட்டத்தை 30-க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 1 மி.மீ. தானே என்று கிராஸ் ஸ்லைடு டயலில் 1 மி.மீ. அளவுக்கு உள்ளே கொடுத்துவிட்டேன். டூல் 1 மி.மீ. உள்ளே போனால் விட்டம் 2 மி.மீ. குறையும் என்பது வகுப்பில் எழுதிப் படித்ததுதான், ஆனால் கை அதை அப்போது கற்றிருக்கவில்லை. மெஷினை நிறுத்தி அளந்தால் 29. அந்த ஷாஃப்டை ஸ்கிராப் பெட்டியில் போடாமல் சாரிடம் கேட்டு வாங்கி வந்து இன்னும் என் மேஜையில் வைத்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டுக்கு முன்னாலும் இது ஆரமா விட்டமா என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

அந்தப் பழக்கம் சிஎன்சி படிக்கும்போது கைகொடுத்தது. ஃபானுக் கன்ட்ரோலில் ரஃபிங்குக்கு இப்படி எழுதுவோம்:

```
G00 X52 Z2
G71 U1 R0.5
G71 P10 Q20 U0.4 W0.1 F0.2
```

இரண்டு வரியிலும் U வருகிறது. முதல் வரியில் அது ஒரு கட்டின் ஆழம், ஆரக் கணக்கு. இரண்டாவது வரியில் ஃபினிஷிங்குக்கு விடும் மிச்சம், விட்டக் கணக்கு. என் ஷாஃப்ட் போனதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான் என்று புரிந்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம், வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னேன். ஆனால் இந்த புரோகிராமை நான் ஓட்டிப் பார்த்ததெல்லாம் கம்ப்யூட்டரில் சிமுலேட்டரில்தான். நிஜ மெஷினில் ஆஃப்செட் எடுப்பது, இன்சர்ட் தேயத் தேய அளவு நகர்வதைப் பார்த்துத் திருத்துவது, முதல் பீஸை குவாலிட்டிக்குக் கொண்டுபோய் ஓகே வாங்குவது, இதெல்லாம் கல்லூரியில் கிடைக்காது. எனக்கு வேண்டியது இதுதான்.

முதல் நாளே மெஷினைத் தொட விட வேண்டும் என்று கேட்கவில்லை. இன்ஸ்பெக்ஷன் மேஜையில் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும், அளவுகளை ரிப்போர்ட்டில் ஏற்றுவேன், எக்செல் நன்றாக வரும். பீஸ் துடைத்து அடுக்கச் சொன்னாலும் செய்வேன். ஆனால் ஆறு வாரமும் ஆபீஸில் ஃபைல் அடுக்கும் வேலை மட்டும்தான் இருக்கும் என்றால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் மேடம், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியது சில உண்டு. டிப்ளமோ முடிக்காத மாணவர்களை எடுப்பீர்களா? முடித்த பிறகு என்ஏடிஎஸ் மூலம் ஒரு வருட அப்ரென்டிஸ் இருப்பது தெரியும், நான் கேட்பது அதற்கு முந்தையது. கல்லூரியிலிருந்து துறைத் தலைவர் கடிதம் வேண்டுமென்றால் இரண்டு நாளில் வாங்கித் தர முடியும். ஸ்டைபண்ட் இல்லாவிட்டாலும் வருவேன், ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாமா என்று தெரிந்தால் நல்லது, பொள்ளாச்சியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும், அப்பாவிடம் செலவுக் கணக்கை முன்னாலேயே சொல்ல வேண்டும். பெண்களை ஷாப் ஃப்ளோரில் போடுவீர்களா என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். சென்ற மாதம் வேறொரு இடத்தில் போனில் பேசியபோது, மெக்கானிக்கல் என்றதும் சரி என்றவர்கள் என் குரலைக் கவனித்ததும் அட்மினில் வேண்டுமானால் பார்க்கலாம் என்றார்கள். சேஃப்டி ஷூ வாங்கி வைத்திருக்கிறேன், லேத்துக்கு முன்னால் தலைமுடியை எப்படிக் கட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

மதிப்பெண் முதல் நான்கு பருவத்துக்கும் சேர்த்து 78 சதவீதம். மூன்றாம் பருவத்தில் ஒரு அரியர் இருந்தது, அடுத்த தேர்விலேயே எழுதி முடித்துவிட்டேன், இப்போது எதுவும் பாக்கி இல்லை.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து எந்த நாளும் வர முடியும். இடம் இல்லையென்றால் 'இல்லை' என்று ஒரு வார்த்தை போட்டாலும் போதும், நான் வேறு இடத்தில் கேட்க ஆரம்பிப்பேன். நேரில் வரச் சொன்னால் மார்க்‌ஷீட்டோடு அந்த 29 மி.மீ. ஷாஃப்டையும் எடுத்து வருகிறேன், நீங்களோ உங்கள் குவாலிட்டி சாரோ அதை வைத்து என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

நன்றி மேடம்.

கார்த்திகா
மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு