2025 வியாபார அனுமதிக் கட்டண அறிவித்தல்: வீட்டிலிருந்து சிற்றுண்டி விற்பவரின் மேன்முறையீடு

7ஆம் லயன், 4ஆம் காம்பரா,
மேல் டிவிஷன்,
ஹட்டன் அஞ்சல்.
17.03.2025

செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை,
நுவரெலியா மாவட்டம்.

ஐயா / அம்மணி,

வி.அ/2025/118 இலக்க, 10.03.2025 திகதிய அறிவித்தல் தொடர்பாக

மேற்படி அறிவித்தல் மார்ச் 12ஆம் திகதி என் கையில் கிடைத்தது. அதில் "உணவகம்" என்ற வகையின் கீழ் அனுமதிப்பத்திரக் கட்டணம் 1,000 ரூபாவும், வியாபார வரி 3,000 ரூபாவுமாக மொத்தம் 4,000 ரூபாவை இம்மாதம் 31ஆம் திகதிக்கு முன் கட்டும்படி கேட்கப்பட்டுள்ளது. அனுமதிப்பத்திரம் எடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டுச் சாமான் விற்பவர் சபைக்குப் பதிந்து, சுகாதாரப் பரிசோதனைக்கு உட்பட்டுத்தான் விற்க வேண்டும். எந்த வகையில், எந்த அளவில் என்பதைத்தான் திருத்தித் தரக் கேட்கிறேன்.

முதலாவது, 3,000 ரூபா வியாபார வரி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்தின் 152ஆம் பிரிவு இந்த வரியை, சபையின் அனுமதிப்பத்திரம் தேவைப்படாத, 150ஆம் பிரிவின் வரியும் இல்லாத வியாபாரங்களுக்கே விதிக்கிறது. என் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் தேவை என்று அதே அறிவித்தல் சொல்கிறது. தேவை என்றால் 149ஆம் பிரிவின் கட்டணம்தான் வரும், 152 வராது. ஒரே அடுப்புக்கு இரண்டையும் ஒன்றாக விதிக்க இடமில்லை. ஆகவே இந்த 3,000 ரூபாவை முழுமையாக நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விற்பனை குறைவு என்று காட்டி இந்த வரியைக் குறைக்கச் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். 152இன் மேல்படி, முந்தின வருட விற்பனை 150,000 ரூபாவைத் தாண்டியவுடன் தொடங்குகிறது. மாதத்துக்கு 12,500 ரூபா. இன்றைய மா, தேங்காய், எண்ணெய் விலைக்கு, வாரம் மூன்று நாள் வடை சுடுகிறவரும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். நானும் தாண்டியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் விற்பனைத் தொகையை மட்டும் பார்த்தால் பெரிய கடைக்கும் ஒரு காம்பரா அடுப்படிக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால் கணக்கை முழுதாகக் கீழே தருகிறேன்.

செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாள் மட்டும் விற்கிறேன். 2024இல் 157 நாள் வந்திருக்க வேண்டும். ஜூன், ஜூலை மழையிலும், திருவிழா, சாவு வீடு, உடம்புக்கு முடியாத நாட்களிலும் 26 நாள் போய்விட்டது. விற்றது 131 நாள். நாளொன்றுக்கு ஒரு கிலோ கடலைப்பருப்பில் 45 வடை, இரண்டு கிலோ மாவில் 30 தேங்காய் ரொட்டி. அதற்கு மேல் போடுவதில்லை. மிஞ்சினால் அடுத்த நாள் விற்க முடியாது, விற்பதும் இல்லை. சராசரியாக மூன்று வடையும் இரண்டு ரொட்டியும் மிஞ்சும்.

42 வடை, ஒன்று 30 ரூபா: 1,260
28 ரொட்டி, ஒன்று 50 ரூபா: 1,400
ஒரு நாள் விற்பனை: 2,660
131 நாளுக்கு: 348,460

இதில் கடனுக்குக் கொடுத்ததும் அடங்கும். 10ஆம் திகதி சம்பளத்தில் தருவதாக வாங்கியவர்களிடமிருந்து வருட முடிவில் 6,240 ரூபா வராமல் நின்றது. அதையும் விற்பனையாகவே எழுதியுள்ளேன்.

ஒரு நாள் செலவு: பருப்பு 400, மா 380, தேங்காய் இரண்டு 280, வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை 180, எண்ணெய் 250, சம்பல் சாமான் 110, விறகும் கேஸும் 220, சுற்றிக் கொடுக்கும் தாள் 40. கூட்டினால் 1,860 ரூபா. கையில் நிற்பது 800 ரூபா. வருடத்துக்கு 104,800, மாதத்துக்கு ஏறக்குறைய 8,730. அதிகாலை 3 மணியிலிருந்து நானும் என் மாமியாரும் செய்கிற வேலைக்குக் கூலி இதற்குள்தான். தோட்டத்தில் ஒரு ஆளின் நாட்கூலி 1,350 ரூபா என்பது சபைக்குத் தெரியும். அறிவித்தலில் உள்ள 4,000 ரூபா, சரியாக ஐந்து விற்பனை நாட்களின் முழு மிச்சம்.

இரண்டாவது, "உணவகம்" என்ற வகை. என்னிடம் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, மேசை கதிரை இல்லை, தேநீரும் ஊற்றுவதில்லை. சம்பளத்துக்கு ஆள் வைக்கவில்லை. காலை 6 மணிக்குப் பிரட்டுக்களத்தடியிலும், 9.30க்குக் கொழுந்து மடுவத்தடியிலும் மூடிய வாளியில் கொண்டுபோய் விற்கிறேன். வீட்டுக்கு வந்து வாங்குபவர்களுக்கு இஸ்தோப்பில் வைத்துக் கொடுக்கிறேன். ஒரு தாச்சி, ஒரு ரொட்டிக் கல், ஒரு மிக்ஸி, 5 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று, இவ்வளவுதான் தளபாடம். "வீட்டில் சிற்றுண்டி தயாரித்து விற்றல்" என்றோ, உங்கள் துணைவிதிகளில் அதற்கு மிக நெருங்கிய வகையிலோ பதிவை மாற்றித் தரவும்.

மூன்றாவது, 1,000 ரூபா. 149ஆம் பிரிவில் இந்தக் கட்டணம் இடத்தின் வருடாந்தப் பெறுமானத்தைப் பொறுத்தது. பெறுமானம் 750 ரூபாவுக்கு மேற்படாவிட்டால் 500 ரூபா வரை, 750க்கு மேல் 1,500 வரை என்றால் 750 ரூபா வரை, அதற்கு மேல் 1,000 ரூபா வரை. எனக்குப் போட்டிருப்பது உச்சத் தொகை. ஆனால் எங்கள் லயனுக்குச் சோலைவரி மதிப்பீடு நடந்ததே இல்லை, மதிப்பீட்டு இலக்கமும் கிடையாது. அறிவித்தலிலும் அந்தக் கட்டம் வெறுமையாக உள்ளது. பெறுமானம் எழுதாமல் உச்சப் படியை எடுக்க முடியாது. தொழிலுக்குப் பயன்படுவது 6 அடிக்கு 8 அடி அடுப்படி மட்டும். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வாடகை வருமானம் யாருக்கும் இல்லை. உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி அளந்து பார்த்து, பெறுமானத்தைக் கணித்து, அதற்குரிய படியை எழுதித் தரவும். அடுப்படியை மட்டும் கணித்தால் 500 ரூபாப் படிக்குள் வரும் என்று நம்புகிறேன். வருகிறவர் செவ்வாய், வியாழன் காலை 4 முதல் 5.30க்குள் வந்தால் சமைக்கும் அளவையும் கண்ணால் பார்க்கலாம்.

இவற்றுடன், 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்குக் கொப்பியின் பிரதி, கடன் கொப்பியின் கடைசி இரண்டு பக்கம், அக்டோபர் மாதச் சாமான் பற்றுச்சீட்டுகள் 13, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, காம்பரா தோட்டத்தின் சொத்து என்று தோட்ட அலுவலகம் தந்த கடிதம், எங்கள் இருவரின் மருத்துவச் சான்றிதழ்கள், அடுப்படியின் நான்கு படங்கள், அறிவித்தலின் பிரதி ஆகியவற்றை இணைத்துள்ளேன். உள்ளூர்ச் சந்தையில் வாங்கும் தேங்காய்க்கும் மரக்கறிக்கும் பற்றுச்சீட்டு கிடைப்பதில்லை. அவை கொப்பியில் நாள்வாரியாக உள்ளன. மூலக் கொப்பியைக் கேட்கும் நாளில் கொண்டுவருவேன்.

பொது சுகாதாரப் பரிசோதகர் பிப்ரவரியில் வந்தபோது தண்ணீர்ப் பீலியின் தொட்டியை மூடவும், அடுப்படிக்கு ஈ வலை அடிக்கவும் சொன்னார். இரண்டும் செய்து முடித்தாயிற்று. கட்டணத் தகராறு காரணமாக அவருடைய சிபாரிசு தாமதமாகக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாத நாளில் விற்றால் வழக்கு வரலாம், விற்காவிட்டால் பருப்புக் கடைக்காரருக்குப் பாக்கி கட்ட முடியாது.

மார்ச் 31க்குள் தீர்மானம் வராவிட்டால், இந்தக் கடிதம் கிடைத்த திகதியைக் கணக்கில் எடுத்து, தீர்மானம் வரும் வரை தாமதக் கட்டணமோ வழக்கோ இல்லை என்று எழுத்தில் அறிவிக்கவும். திருத்திய தொகை கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் சபைக் காசாளரிடம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டுவேன். பதிலைத் தமிழில் தரவும். இந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதியில் திகதி முத்திரை இட்டுத் திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ப. கலைச்செல்வி

பிரதி: பொது சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை