நிலத்தடி நீர் ஆய்வுப் பணி குறித்துத் தங்களுடன் 20 நிமிடம் பேச வேண்டுகோள்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். தாங்கள் பயின்ற நிலவியல் துறையில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தங்கள் மின்னஞ்சல் முகவரியை, தங்கள் இசைவு பெற்று, எங்கள் பேராசிரியை தந்தார்.

சென்ற மாதக் களப்பயிற்சியில், மோட்டாரை நிறுத்திய பிறகு ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொண்டிருந்தபோது, முதலில் விரைந்தும் பின்னர் மிக மெதுவாகவும் ஏறிய அந்த எண்கள் கண்ணுக்குத் தெரியாத பாறையின் இயல்பைச் சொல்கின்றன என்பது எனக்கு உறைத்தது. இத்துறையிலேயே தொடர வேண்டும் என அன்றே முடிவு செய்தேன். ஆனால் களத்தில் அளவெடுக்கும் பணி, மோட்ஃப்ளோ போன்ற மென்பொருளில் மாதிரி அமைக்கும் பணி ஆகிய இரண்டில் எதில் முதலில் தேர்ச்சி பெறுவது என்பதில் எனக்குத் தெளிவில்லை. முனைவர் பட்டம் இல்லாமல் எவ்வளவு தூரம் முன்னேறலாம் என்பதையும், இந்த வேலையின் அன்றாடம் எப்படியிருக்கும் என்பதையும், அதில் இருப்பவரிடம் கேட்பதே சரியென்று நினைக்கிறேன்.

வரும் இரண்டு வாரங்களுக்குள், தங்களுக்கு வசதியான ஒரு நாளில், தொலைபேசியில் 20 நிமிடம் பேச இயலுமா? வார இறுதியில் எந்நேரமும், மற்ற நாள்களில் மாலை 5 மணிக்குப் பிறகும் என்னால் பேச முடியும். வேலையோ பரிந்துரையோ கேட்பது என் நோக்கமன்று. பணிச்சுமை மிகுதியெனில், மேற்கண்ட கேள்விகளில் ஒன்றுக்கு மின்னஞ்சலில் சில வரிகள் எழுதினாலும் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
கயல்விழி