அல்ஹம்து சூரா: ஏழு ஆயத்தும் பொருளும்

இஷாவுக்குப் பின் நடக்கும் பெரியவர்களுக்கான ஓதல் வகுப்பு, முதல் பாடம்

சிறுவயதில் மத்ரஸாவில் மனப்பாடம் செய்து, அதன்பின் யாரிடமும் ஓதிக் காட்டாதவர்களுக்காக இந்தப் பாடம். நாளொன்றுக்கு ஃபர்ளு மட்டும் 17 ரக்அத். வெள்ளியன்று ஜும்ஆ தொழுதால் 15. ஒவ்வொன்றிலும் சூரத்துல் ஃபாத்திஹா உண்டு. "ஃபாத்திஹா ஓதாதவருக்குத் தொழுகை இல்லை" என்ற நபிமொழி உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. எனவே வேறு எந்தச் சூராவுக்கும் முன் இதைச் சரிசெய்துகொள்வோம்.

முதலில் அஊது ஓதுங்கள். அது ஆயத்து அல்ல, சூராவில் சேராது. பிறகு:

1. பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்
அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால்.

2. அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்
எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பராமரிக்கும் அல்லாஹ்வுக்கே.

3. அர்ரஹ்மானிர் ரஹீம்
அவன் அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்.

4. மாலிகி யவ்மித்தீன்
தீர்ப்பு நாளின் அதிபதி.

5. இய்யாக்க நஅபுது வஇய்யாக்க நஸ்தஈன்
உன்னையே வணங்குகிறோம்; உன்னிடமே உதவி தேடுகிறோம்.

6. இஹ்தினஸ் ஸிராத்தல் முஸ்தகீம்
எங்களை நேரான வழியில் செலுத்துவாயாக.

7. ஸிராத்தல்லதீன அன்அம்த்த அலைஹிம் ஃகைரில் மஃக்ளூபி அலைஹிம் வலள்ளால்லீன்
நீ எவருக்கு அருள் புரிந்தாயோ அவர்களின் வழியில். கோபத்துக்கு ஆளானவர்களின் வழியும் அல்ல, வழி தவறியவர்களின் வழியும் அல்ல.

ஓதி முடித்ததும் சிறிது இடைவெளி விட்டு ஆமீன் சொல்லுங்கள். ஆமீனும் சூராவின் பகுதி அல்ல.

இங்கே பிஸ்மியை முதல் ஆயத்தாக எண்ணியிருக்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் அதை விட்டால் ஃபாத்திஹா நிறைவேறாது; சத்தமாக ஓதும் தொழுகையில் அதையும் சத்தமாக ஓதுவார்கள். ஹனஃபி மத்ஹபில் பிஸ்மியை மெதுவாக ஓதுவார்கள். அது ஃபாத்திஹாவின் ஆயத்தாகக் கணக்கில் வராது. அவர்கள் கணக்கில் 'அல்ஹம்து' முதல் ஆயத்து; 'ஸிராத்தல்லதீன' தொடங்கி 'அன்அம்த்த அலைஹிம்' வரை ஆறாவது, 'ஃகைரில்' தொடங்கி ஏழாவது. எண்ணும் முறையில்தான் வேறுபாடு, ஏழு என்பதில் யாருக்கும் வேறுபாடில்லை.

பொருளைப் பிடித்துக்கொள்ள ஐந்தாவது ஆயத்தில் நில்லுங்கள். அதற்கு முன் அல்லாஹ்வைப் பற்றி 'அவன்' என்று புகழ்ந்துகொண்டிருந்த நாவு, இங்கே 'உன்னை' என்று நேருக்கு நேர் பேசத் தொடங்குகிறது. தனியாகத் தொழுபவரும் 'வணங்குகிறோம்' என்றே பன்மையில் சொல்கிறார். வணக்கம் முதலில், உதவி கேட்பது பிறகு. அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் முஸ்லிம் ஹதீஸில் இந்தத் தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் இடையே இரண்டாகப் பகுத்தேன் என்கிறான் அல்லாஹ். அடியான் அல்ஹம்து லில்லாஹ் என்றதும் 'என் அடியான் என்னைப் புகழ்ந்தான்' என்று பதில் வருகிறது. மூன்றாவது, நான்காவது ஆயத்துகளுக்கும் அப்படியே பதில் உண்டு. 'இய்யாக்க நஅபுது'வுக்கு 'இது எனக்கும் என் அடியானுக்கும் இடையிலானது' என்றும், அதன்பின் கடைசி வரை 'இது என் அடியானுக்கு, அவன் கேட்டது அவனுக்கு உண்டு' என்றும் வருகிறது. ஒவ்வொரு ஆயத்துக்கும் மறுமொழி இருக்கிறதென்று அறிந்தவர் ஒரே மூச்சில் ஏழையும் இழுத்துக் கொட்டமாட்டார். நபி (ஸல்) அவர்கள் ஆயத்து ஆயத்தாக நிறுத்தி ஓதியதை உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள்.

ஏழாவது ஆயத்தில் வரும் அருள் பெற்றவர்கள் யார் என்பதை அன்னிஸா சூராவின் 69ஆம் ஆயத்து விளக்குகிறது: நபிமார்கள், உண்மையாளர்கள், ஷஹீதுகள், ஸாலிஹான நல்லடியார்கள். கேட்பது இவர்கள் சென்ற பாதையை.

இனி ஓதலில் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். ஷத்து 14 இருக்கிறது: ஆயத்து வரிசையில் 3, 2, 2, 1, 2, 1, 3. ஓதும்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். அதிகம் விழுவது ஐந்தாவதில். 'இய்யாக்க' என்பதை அவசரத்தில் 'இயாக்க' என்று சொல்லிவிடுகிறார்கள், பொருளே மாறிவிடும். 'அன்அம்த்த' என்பதன் கடைசியில் 'து' சேர்த்து 'அன்அம்த்து' என்றால் 'நான் அருள் புரிந்தேன்' என்றாகும். தெரிந்து சொன்னால் தொழுகையே முறியும்; நாவு தவறிச் சொன்னால் அந்தச் சொல்லைத் திருப்பி ஓத வேண்டும்.

தமிழ் எழுத்தில் பார்த்து ஓதிப் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரமளானுக்குப் போலவே 'மஃக்ளூபி', 'வலள்ளால்லீன்' என்று 'ள' போட்டு எழுதுகிறோம். அந்த அரபி எழுத்து நம் 'ள' அல்ல. 'ள' சொல்லும்போது நாவின் நுனி மேலே மடங்கும். இங்கே நுனி மடங்கக் கூடாது. நாவின் பக்க விளிம்பு மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டி அழுந்த வேண்டும். இடப்பக்கமோ வலப்பக்கமோ எது எளிதோ அது. 'லதீன'வில் உள்ள 'த' நாவு நுனி முன்பற்களுக்கிடையே சற்று எட்டிப் பார்க்க வேண்டிய எழுத்து. 'ஸ' என்றோ வன்மையான 'த' என்றோ சொல்லக் கூடாது. 'நஅபுது'வில் உள்ள 'அ' தொண்டையின் நடுவிலிருந்து வரும். அதை விழுங்கி 'நாபுது' என்பவர்கள் நிறைய. 'ரஹ்மான்', 'ரஹீம்' இரண்டிலும் 'ஹ' தொண்டை நடுவில் உரசி வரும். 'இஹ்தின'வில் உள்ளது அடித்தொண்டை 'ஹ', மென்மையானது. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். கடைசிச் சொல்லில் 'ள்ளா'வை ஆறு ஹரகத் அளவுக்கு நீட்ட வேண்டும். ஏழாவதில் மூச்சு போதவில்லை என்றால் முதல் 'அலைஹிம்'மில் நிறுத்திக்கொள்ளலாம். 'லதீன'வில் நிறுத்த வேண்டாம்.

மனதுக்குள் ஓடவிடுவது ஓதுவதாகாது. உதடும் நாவும் அசைய வேண்டும், இரைச்சல் இல்லாத இடத்தில் தன் காதுக்குக் கேட்க வேண்டும். ஆயத்துகளைத் தொடர்ச்சியாக ஓத வேண்டும். வேண்டுமென்றே நெடுநேரம் நிறுத்தினால் ஷாஃபிஈ மத்ஹபில் முதலிலிருந்து ஓத வேண்டிவரும். இருமல், தும்மல், மறதியால் வரும் தடங்கல் பாதிக்காது. முழுதும் ஓதி முடித்தபின் 'ஏதோ எழுத்து விட்டேனோ' என்று வரும் சந்தேகத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். வஸ்வாஸ் அங்கேதான் நுழைகிறது.

ஓத மறந்து ருகூவுக்குப் போய்விட்டால்? ஷாஃபிஈயில் இது ருக்ன், ஸஜ்தா ஸஹ்வு மட்டும் ஈடாகாது. தனியாகத் தொழுபவர் நினைவு வந்ததும் நிலைக்குத் திரும்பி ஓத வேண்டும். அடுத்த ரக்அத்தில் அதே இடத்தை அடைந்தபின் நினைவு வந்தால் விடுபட்ட ரக்அத் கணக்கில் வராது. ஒன்று கூட்டித் தொழுது, கடைசியில் ஸஹ்வு செய்ய வேண்டும். ஹனஃபியில் இது வாஜிப், மறந்தால் ஸஜ்தா ஸஹ்வு போதும். இமாமின் பின்னே நிற்கும்போது ஹனஃபிகள் ஓதாமல் இருப்பார்கள், ஷாஃபிஈகள் ஓதுவார்கள்.

தாமதமாக வந்து இமாமை ருகூவில் அடைந்தவருக்கு அந்த ரக்அத் கிடைத்துவிடும். நிலையிலேயே வந்து சேர்ந்து, நேரம் குறைவாக இருப்பது தெரிந்தால் வஜ்ஜஹ்துவில் நேரத்தைக் கழிக்காமல் நேராக ஃபாத்திஹாவைத் தொடங்குங்கள். இமாம் ஆமீன் சொல்லும்போது நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். மலக்குகளின் ஆமீனோடு ஒத்து அமைந்தவரின் முன்பாவங்கள் மன்னிக்கப்படும் என்பது ஸஹீஹான ஹதீஸ்.

அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து ஓதிக் காட்ட வேண்டும். முதலில் ஐந்தாவது ஆயத்து, பிறகு ஏழாவது, பிறகு முழுச் சூரா. குர்ஆன் பிரதியைக் கொண்டு வாருங்கள். தமிழ் எழுத்தில் எழுதிய தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.