நவம்பர் மாத மளிகை விலை ஒப்பீடு: கிலோவுக்கும் லிட்டருக்கும் எங்கே குறைவு

ஸ்ரீரங்கம் குடியிருப்பு வீட்டுக்காரர்கள் அனைவருக்கும்,

2025 நவம்பர் 8, 9 (சனி, ஞாயிறு) இரண்டு நாளும் கடைகளில் கேட்டும் பார்த்தும் எழுதிய விலைகள் இவை. ஐந்து இடங்கள்: நம் தெருமுனை மளிகைக் கடை, மெயின் ரோட்டு சூப்பர் மார்க்கெட், காந்தி மார்க்கெட் மொத்தக் கடை, வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஆப், நம் ரேஷன் கடை. எண்ணெய்க்கு மட்டும் ஒரு செக்குக் கடையையும் சேர்த்திருக்கிறேன்.

எல்லாமே நாம் கையில் கொடுக்கும் விலை. பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. அல்ல. கணக்கு ஒன்றுதான்: கொடுத்த ரூபாயை கிராமால் வகுத்து 1000 ஆல் பெருக்கினால் கிலோ விலை. மில்லிக்கும் அப்படியே செய்தால் லிட்டர் விலை.

பொன்னி புழுங்கல் அரிசி (பழையது, ஒரே தரம்)

| கடை | அளவு | விலை (ரூ.) | கிலோவுக்கு (ரூ.) |
|---|---|---|---|
| மொத்தக் கடை | 26 கிலோ சிப்பம் | 1,482 | 57 |
| சூப்பர் மார்க்கெட் | 25 கிலோ பை | 1,475 | 59 |
| தெருமுனை | 1 கிலோ சில்லறை | 64 | 64 |
| சூப்பர் மார்க்கெட் | 10 கிலோ பை | 650 | 65 |
| ஆப் | 5 கிலோ பை | 335 | 67 |
| சூப்பர் மார்க்கெட் | 5 கிலோ பை | 345 | 69 |

முதல் இரண்டு வரிகளைச் சேர்த்துப் பாருங்கள். சூப்பர் மார்க்கெட் பை 7 ரூபாய் குறைவாகத் தெரிகிறது, ஆனால் அதில் ஒரு கிலோ அரிசியும் குறைவு. 26 கிலோ என்ற அந்த விநோத அளவுக்குக் காரணம் வரி. 2022 ஜூலை 18 முதல், பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேற்பட்ட சிப்பத்துக்குக் கிடையாது. அதனால்தான் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 கிலோவாகக் கட்டுகிறார்கள். "ஒரு சிப்பம் என்ன விலை?" என்று கேட்கும்போது "எத்தனை கிலோ?" என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. சிறிய பைகளைவிடத் தெருமுனைக் கடையின் சில்லறை அரிசி விலை குறைவு. மூன்று பேர் உள்ள வீட்டில் 26 கிலோ வாங்கி வண்டு விழவிடுவதைவிட, அங்கே ஐந்து ஐந்து கிலோவாக வாங்குவது நல்லது.

துவரம் பருப்பு

| கடை | அளவு | விலை (ரூ.) | கிலோவுக்கு (ரூ.) |
|---|---|---|---|
| ரேஷன் | 1 கிலோ | 30 | 30 |
| மொத்தக் கடை | 5 கிலோ | 630 | 126 |
| தெருமுனை | 1 கிலோ சில்லறை | 138 | 138 |
| ஆப் | 1 கிலோ பாக்கெட் | 142 | 142 |
| தெருமுனை | 250 கிராம் சில்லறை | 36 | 144 |
| சூப்பர் மார்க்கெட் | 1 கிலோ பாக்கெட் | 149 | 149 |
| சூப்பர் மார்க்கெட் | 500 கிராம் பாக்கெட் | 79 | 158 |

ரேஷன் பருப்பு கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான், அதனால் அதற்கு அடுத்து வரும் விலையையும் பாருங்கள். அந்த ஒரு கிலோவை விட்டுவிடாதீர்கள். தெருமுனை விலையோடு பார்த்தால் அதிலேயே 108 ரூபாய் மிச்சம்.

பெரிய கடையில் பாக்கெட்டாக வாங்கினால் மலிவு என்ற நினைப்பு பருப்பு விஷயத்தில் பொய்யாகிறது. அண்ணாச்சி காகிதத்தில் மடித்துத் தரும் கால் கிலோகூட, சூப்பர் மார்க்கெட்டின் ஒரு கிலோ பாக்கெட்டைவிட கிலோவுக்கு 5 ரூபாய் குறைவு.

உளுந்திலும் இதே வரிசைதான். மொத்தக் கடையில் 5 கிலோ 620 ரூபாய், அதாவது கிலோ 124. தெருமுனையில் சில்லறை 134. சூப்பர் மார்க்கெட்டில் அரை கிலோ 76, அதாவது கிலோ 152. ஆனால் உளுந்துக்கு கிலோ விலை மட்டும் போதாது, மாவு எவ்வளவு பொங்கி வருகிறது என்பதும் கணக்கில் சேரும். முதல் முறை கால் கிலோ வாங்கி அரைத்துப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் ஐந்து கிலோவுக்குப் போங்கள்.

எண்ணெய்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கடை லிட்டரில் விற்கிறது, ஒரு கடை கிலோவில் விற்கிறது, சில பாக்கெட்டுகள் கிராமில் வருகின்றன. சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் இருக்கும். ஆகவே கிலோ விலையை 0.91 ஆல் பெருக்கினால் லிட்டர் விலை கிடைக்கும். கீழே எல்லாவற்றையும் லிட்டருக்கு மாற்றியிருக்கிறேன்.

| எண்ணெய், கடை | அளவு | விலை (ரூ.) | லிட்டருக்கு (ரூ.) |
|---|---|---|---|
| கடலை, செக்குக் கடை | 5 லிட்டர், நம் கேனில் | 1,120 | 224 |
| கடலை, செக்குக் கடை | 1 கிலோ | 250 | 227.50 |
| கடலை, சூப்பர் மார்க்கெட் | 1 லிட்டர் பாட்டில் | 245 | 245 |
| சூரியகாந்தி, ஆப் | 1 லிட்டர் பாக்கெட் | 154 | 154 |
| சூரியகாந்தி, தெருமுனை | 1 லிட்டர் பாக்கெட் | 156 | 156 |
| சூரியகாந்தி, சூப்பர் மார்க்கெட் | 1 லிட்டர் பாக்கெட் | 158 | 158 |
| சூரியகாந்தி, சூப்பர் மார்க்கெட் | 850 கிராம் பாக்கெட் | 149 | 159.50 |
| சூரியகாந்தி, சூப்பர் மார்க்கெட் | 5 லிட்டர் கேன் | 825 | 165 |
| நல்லெண்ணெய், செக்குக் கடை | 1 கிலோ | 400 | 364 |
| நல்லெண்ணெய், சூப்பர் மார்க்கெட் | 1 லிட்டர் பாட்டில் | 385 | 385 |
| நல்லெண்ணெய், சூப்பர் மார்க்கெட் | 500 மில்லி பாட்டில் | 205 | 410 |

செக்குக் கடலை எண்ணெய் 250, பாட்டில் 245 என்று கேட்டதும் பாட்டில்தான் குறைவு என்று தோன்றும். ஆனால் 250 ரூபாய்க்கு ஒரு லிட்டரைவிட ஏறக்குறைய 100 மில்லி அதிகம் கிடைக்கிறது. லிட்டருக்கு 17.50 ரூபாய் மிச்சம்.

850 கிராம் பாக்கெட் இதற்கு நேர்மாறு. ஒரு லிட்டர் பாக்கெட்டின் அதே உயரம், பக்கத்திலேயே அடுக்கியிருக்கிறார்கள், விலையும் 9 ரூபாய் குறைவு. உள்ளே இருப்பது சுமார் 934 மில்லி. லிட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை ரூபாய் கூடுதல். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. எண்ணெய், பிஸ்கட், டீத்தூள் போன்றவற்றை இன்ன இன்ன அளவில்தான் கட்ட வேண்டும் என்று முன்பு இருந்த விதி, 2021-இல் வந்த திருத்தத்தால் நீக்கப்பட்டது. அதனால் இனி கண்ணளவை நம்பக் கூடாது, எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

ஐந்து லிட்டர் கேன் இந்தப் பட்டியலிலேயே விலை கூடிய சூரியகாந்தி எண்ணெய். கேனுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். கேன் வீட்டில் வேறு எதற்காவது உதவும் என்றால் சரி, இல்லையென்றால் ஐந்து பாக்கெட்டே போதும். ரேஷன் பாமாயில் லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். அது வேறு எண்ணெய் என்பதால் பட்டியலில் சேர்க்கவில்லை. பண்டிகைக்கு முறுக்கு சுடுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

சர்க்கரை, டீத்தூள், மிளகு

சர்க்கரை: ரேஷனில் கிலோ 25 (அந்தியோதயா கார்டுக்கு 13.50). கார்டு அளவு தீர்ந்த பிறகு தெருமுனையில் சில்லறை 45. சூப்பர் மார்க்கெட்டில் 5 கிலோ பை 235, கிலோவுக்கு 47. ஒரு கிலோ பாக்கெட் 52.

டீத்தூளில் (ஒரே பிராண்ட்) அளவு கூடக்கூட விலை இறங்கும் என்று எதிர்பார்த்தேன், அப்படி இல்லை. 100 கிராம் 34 ரூபாய், கிலோவுக்கு 340. 250 கிராம் 80, கிலோவுக்கு 320. 500 கிராம் 165, கிலோவுக்கு 330. ஒரு கிலோ 310. இப்போது ஆப்பில் 250 கிராமோடு 50 கிராம் இலவசம் என்று ஒரு பாக்கெட் வருகிறது, 84 ரூபாய். 300 கிராமுக்குக் கணக்கிட்டால் கிலோ 280. நிகர எடை 300 கிராம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். இலவசம் என்று எழுதியிருக்கும் எதற்கும் நிகர எடையைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

மிளகு தெருமுனையில் சில்லறையாக 100 கிராம் 85, கிலோவுக்கு 850. சூப்பர் மார்க்கெட்டின் 50 கிராம் பாக்கெட் 58, கிலோவுக்கு 1,160. 50 கிராம் பொட்டலத்தில் 15.50 ரூபாய் வித்தியாசம் கண்ணில் படாது. கிலோவுக்கு மாற்றிப் பார்த்தால்தான் 310 ரூபாய் என்று தெரிகிறது.

பாக்கெட்டில் அச்சிட்ட அலகு விலை பற்றி

இப்போது எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்றும் அச்சிட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான், ஆனால் இரண்டு இடத்தில் குழப்பும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலையும், அதற்கு மேற்பட்டதில் கிலோ விலையும் போடுவார்கள். 0.19 என்பதையும் 149 என்பதையும் வைத்துக்கொண்டு யார் ஒப்பிட முடியும்? கிராம் விலையை 1000 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. மேலே சொன்ன அரை கிலோ துவரம் பருப்பின் எம்.ஆர்.பி. 95, அச்சிட்டது கிராமுக்கு 0.19, அதாவது கிலோ 190. கடையில் தரும் விலையோ 79, கிலோ 158. தள்ளுபடி தரும் கடையில் அச்சிட்ட எண் உதவாது, நாமே வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

காந்தி மார்க்கெட் போய் வருவது கட்டுமா

ஒரு வீடு ஒரு சிப்பம் அரிசி, 5 கிலோ துவரம் பருப்பு, 5 கிலோ உளுந்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தெருமுனை விலையோடு பார்த்தால் அரிசியில் 182, துவரையில் 60, உளுந்தில் 50, மொத்தம் 292 ரூபாய் மிச்சம். போக வர ஆட்டோ 300 ரூபாய் கேட்கிறார்கள். தனியாகப் போனால் 8 ரூபாய் கைநஷ்டம், அரை நாளும் போகும். ஆறு வீடு சேர்ந்து குட்டி யானை பிடித்தால் வாடகை 600, வீட்டுக்கு 100. அப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் 192 ரூபாய் நிற்கும்.

ஆப்பிலும் இதைப் பார்க்க வேண்டும். எண்ணெய்க்கு அங்கே 2 ரூபாய் குறைவு, ஆனால் ஒரு பாக்கெட் மட்டும் வரவழைத்தால் டெலிவரி கட்டணம் 30. மற்ற சாமான்களோடு சேர்த்து, கட்டணம் விழாத அளவுக்கு ஆர்டர் போட்டால் மட்டுமே அந்த 154 உண்மையான விலை.

நவம்பர் 16 ஞாயிறு காலை 7 மணிக்கு குட்டி யானை வருகிறது. இதுவரை நான்கு வீடு சேர்ந்திருக்கிறது, இன்னும் இரண்டு வீடு வேண்டும். சேர விரும்புபவர்கள் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எத்தனை சிப்பம், எத்தனை கிலோ பருப்பு என்று எழுதி, கீழ்த்தளத்தில் மின்மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் வீட்டு எண்ணோடு குறித்துவிடுங்கள். சிப்பம் பாதி போதும் என்பவர்களும் எழுதலாம், இரண்டு வீட்டுக்கு 13 கிலோவாகப் பிரித்துத் தருகிறேன். தராசு என் வீட்டில் இருக்கிறது.