வெள்ளவத்தை இனிப்புக் கடைக்கு: இரண்டு மடல், ஓர் அழைப்பு, ஒரு வாட்ஸ்அப் செய்தி

திங்கள் காலை, மின்னஞ்சல்
பொருள்: தீபாவளிப் பலகாரத்துக்குப் பனையோலைப் பெட்டி

வணக்கம் ஐயா,

சனிக்கிழமை உங்கள் கடையில் மஸ்கட் வாங்கியபோது காசாளரிடம் ஒரு பனையோலைப் பெட்டியைக் கொடுத்து வந்தேன். யாழ்ப்பாணத்தில் என் சித்தியும் மூன்று பெண்களும் சார்வோலையில் இழைப்பது. அரைக் கிலோ பலகாரம் கொள்ளும். விலை 450 ரூபா. நெய் ஓலையில் ஊறாதபடி உள்ளே எண்ணெய்த்தாள் விரிக்க வேண்டும்.

நால்வரும் சேர்ந்து நாளுக்குப் பன்னிரண்டு பெட்டிதான் முடிப்பார்கள். 200 பெட்டிக்கு மூன்று வாரம் ஆகும். அதனால்தான் தீபாவளிக்குப் பத்து வாரம் இருக்கும்போதே எழுதுகிறேன்.

வியாழன் காலை பதினொரு மணிக்குக் கடைத் தொலைபேசியில் ஒருமுறை அழைக்கிறேன். வேண்டாம் என்றால் இந்த மடலுக்கு ஒரு சொல் பதில் போதும், அழைக்க மாட்டேன்.

வியாழன் பதினொரு மணி, தொலைபேசி
(போயா விடுமுறையானால் அடுத்த நாள். மாலையில் கடையில் கூட்டம். அப்போது அழைப்பதே பிழை.)

"வணக்கம் ஐயா, பனையோலைப் பெட்டி கொடுத்துவிட்டுப் போனவள் பேசுகிறேன். இரண்டு நிமிடம் இருக்குமா?"

வேலையாக இருந்தால்: "சரி ஐயா, எப்போது எடுக்கட்டும்?" அவர் சொன்ன நேரத்துக்கே எடுப்பேன்.

இருந்தால்: "பெட்டியைப் பார்த்தீர்களா? மூடி இறுக்கமாக இருக்கிறதா? உங்கள் மஸ்கட் துண்டின் அளவு தெரிந்தால் பெட்டியை அதற்கேற்ப இழைக்கச் சொல்வேன்."

கடைசியாக: "உங்கள் கைப்பேசி எண் தெரிந்தவர் ஒருவரிடம் இருக்கிறது. உங்களைக் கேட்காமல் வாங்க மனமில்லை. வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பலாமா?"

முதலாளி இல்லையென்றால் எடுத்தவரிடம்: "நான் அழைத்ததாக மட்டும் சொல்லுங்கள், தம்பி." விலையை அவரிடம் பேசுவதில்லை.

அனுமதி கிடைத்தால் அன்றே, வாட்ஸ்அப்

வணக்கம் ஐயா. காலையில் பேசியபடி மூன்று படங்கள்: சாயமிட்டது, சாயமிடாதது, உள்ளே எண்ணெய்த்தாள் விரித்தது. பெட்டிகள் யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸில் வெள்ளவத்தைக்கே வந்துவிடும், ஏற்றுகூலி எங்களுடையது. ஆறுதலாகப் பாருங்கள்.

(நீல அடையாளம் விழுந்தும் பதில் இல்லையென்றால் இன்னொரு செய்தி இல்லை. குரல் பதிவும் இல்லை. கடையில் நிற்பவர் அதை எல்லோர் முன்னிலும் கேட்க நேரும்.)

பத்து நாள் கழித்து, முதல் மடலுக்கே பதிலாக

வணக்கம் ஐயா,

வரும் வெள்ளிக்கிழமை சித்தி தீபாவளிக்கான ஓலை வாங்குகிறார். அதற்குள் நீங்கள் சொன்னால் உங்கள் 200 பெட்டிக்கும் சேர்த்து வாங்குவார். பிறகு சொன்னால் ஐம்பதுக்கு மேல் உறுதி தர முடியாது.

இந்தத் தீபாவளிக்கு இதன்பின் மடலோ அழைப்போ வராது. மாதிரிப் பெட்டி உங்களுக்கே. வெற்றிலை வைக்க உதவும்.

அன்புடன்,
பெட்டி கொடுத்துவிட்டுப் போனவள், பம்பலப்பிட்டி